தாத்தா எழுதியதும் நான் படித்ததும்

பெரியப்பாவின் சதாபிஷேகத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்தோம். தாத்தா சென்னையில் வேலை பார்த்த காலத்தில் ஊருக்குப் போட்ட கார்டுகளில் முப்பதைத் தேர்ந்தெடுத்து, நான் படியெடுத்துத் தந்தேன். படிக்க முடியாத இடங்களில் அடைப்பும் கேள்விக்குறியும் போட்டிருந்தேன். புத்தகத்தை வடிவமைத்த தம்பி, பக்கம் பார்க்க நன்றாக இல்லையென்று அவற்றை நீக்கிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தக் குறிகள் எதற்கு என்று நான் யாருக்கும் ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. விளைவு: நான் சந்தேகத்தோடு ஊகித்த பதினைந்து இருபது சொற்கள் தாத்தாவே எழுதிய சொற்களாக அச்சேறிவிட்டன. விழாவில் ஒருவர் அவற்றில் ஒன்றை மைக்கில் வாசித்தார். நான் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். அது என் ஊகம் என்பது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் எல்லாக் கார்டுகளையும் முதலிலிருந்து படியெடுத்தேன். இந்த முறை, உறவினர்களுக்கு அனுப்பும் கட்டின் மேலே ஒரு பக்க முகப்புக் குறிப்பையும் வைத்தேன். அந்த ஒரு பக்கத்தை எழுதக் கார்டுகளைப் படித்ததைவிட அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. வீட்டுப் பரணில் பழைய கடுதாசிக் கட்டு வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

கார்டு ஏன் இவ்வளவு சிரமம் தருகிறது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் அஞ்சலட்டை 1879 ஜூலையில் காலணா விலையில் வந்தது. விலை குறைவு, இடமும் குறைவு. எங்கள் தாத்தா பின்பக்கம் நிரம்பியதும் விலாசப் பக்கத்தின் இடது பாதியில் எழுதுவார். அதுவும் நிரம்பினால் ஓரத்தில் செங்குத்தாக, பிறகு மேலே பிள்ளையார் சுழிக்குப் பக்கத்தில் தலைகீழாக எழுதுவார். விலாசப் பக்கத்து வரிகளின் மேல் தபால் முத்திரை விழும். ஊரில் கார்டு வந்ததும் படித்துவிட்டு உத்தரத்தில் தொங்கும் கடுதாசிக் கம்பியில் குத்திவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு கார்டின் நடுவிலும் ஒரு ஓட்டை, அதைச் சுற்றி ஒரு துரு வட்டம். அந்த வட்டத்துக்குள் இருந்த இரண்டு மூன்று எழுத்துகள் போய்விட்டன. சில கார்டுகள் காப்பியிங் பென்சிலில் எழுதியவை. அந்தப் பென்சிலில் எழுதியதன்மேல் ஈரம் பட்டால் ஊதாவாகிப் பரவிவிடும்.

இவையெல்லாம் கார்டுக்கு நேர்ந்தவை. தாத்தாவின் கையெழுத்தில் வேறு இரண்டு சங்கதிகள் உண்டு. அவர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார். அந்தக் காலத்தில் வேகமாக எழுதிய பலருக்கும் இருந்த பழக்கம்தான் இது. இன்னொன்று, ‘ர’வுக்குக் கீழே இழுக்கும் வாலை விட்டுவிடுவார். ஆகவே அவர் கையில் ரகரமும் துணைக்காலும் ஒன்றேதான். ‘வரவு’ என்று அவர் எழுதியது கண்ணுக்கு ‘வாவு’ என்றுதான் தெரியும். பெரும்பாலும் வாக்கியமே எது என்று சொல்லிவிடும். ஆனால் கார்டு எல்லோரும் படிக்கக்கூடியது. தபால்காரர் படிக்கலாம், திண்ணையில் இருப்பவர் படிக்கலாம். அதனால் கடன், வரன், சொத்துத் தகராறு எல்லாவற்றையும் ‘ஷை விஷயம்’, ‘நேரில் சொன்னபடி’ என்று மறைத்து எழுதுவார்கள். ‘ஷை’ என்றால் மேற்படி. எங்கே அர்த்தம் தெரிந்தால் சொல் பிடிபடுமோ, சரியாக அங்கேதான் அர்த்தம் மறைந்திருக்கும்.

சிதைந்த இடத்தைக் காட்ட நாம் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏட்டில் சிதைந்து போன இடங்களை இட்டு நிரப்பாமல் சிதைவாகவே விட்டார். கல்வெட்டுத் தொகுதிகளில் ஐயத்துக்குரிய எழுத்துகளைப் பகர அடைப்புக்குள் போடுவார்கள். கிரேக்க, லத்தீன் ஏடுகளைப் படிப்பவர்கள் 1931-இல் லைடன் நகரில் கூடி இதற்கென ஒரு பொது முறையையே வகுத்தார்கள். அந்த முறையில் ஐயமான எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைப்பார்கள். தமிழுக்கு அது ஒத்துவராது. புள்ளி என்றாலே நமக்கு மெய்யெழுத்து. அதிலும் புள்ளியே வைக்காத தாத்தாவின் எழுத்தில் நான் புள்ளி வைத்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

உறவினர்களுக்கு அனுப்பும்போது அறிஞர்களுக்கு வராத ஒரு சிக்கலும் வருகிறது. நான் அனுப்பிய படி வாட்ஸ்அப்பில்தான் பயணம் செய்யும். அங்கே ஒரு சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி போட்டால் குறி மறைந்து எழுத்து தடித்துவிடும். அடிக்கோடு போட்டால் எழுத்து சாயும். அலைக்குறி போட்டால் சொல்லே அடிபட்டதுபோல் தெரியும். சிவப்பு நிறத்தில் காட்டலாம் என்றால், ஒருவர் நகலெடுத்து இன்னொருவருக்கு ஒட்டியதும் நிறம் போய்விடும். புள்ளிகளை வைத்து எண்ணிக்கை காட்டலாம் என்று முதலில் நினைத்தேன். அடுத்தடுத்து மூன்று புள்ளி வைத்தால் சில போன்கள் அதை ஒரே குறியாக மாற்றிவிடுகின்றன. போதாததற்குத் தாத்தாவே வாக்கியத்தை முடிக்காமல் புள்ளிகளை இழுத்து விடுகிறவர். கடைசியில் பகர அடைப்பு, கேள்விக்குறி, சாய்கோடு, கூட்டல் குறி ஆகிய நான்கோடு நின்றேன். இவை எந்தப் போனிலும் மாறுவதில்லை. தாத்தாவின் கார்டுகளில் ஓரிடத்தில்கூடப் பகர அடைப்பு இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். பிறை அடைப்பை அவர் நிறையப் பயன்படுத்தியிருக்கிறார். அதை நான் எடுத்துக்கொண்டிருந்தால் எது அவருடையது, எது என்னுடையது என்று தெரியாமல் போயிருக்கும்.

அனுப்பிய குறிப்பு இதுதான்:

“அன்புள்ள எல்லோருக்கும், இதோடு தாத்தாவின் கார்டுகளின் படியும் ஒவ்வொரு கார்டின் இருபக்கப் படமும் இருக்கின்றன. படியில் பகர அடைப்புக்குள் [ ] இருப்பதெல்லாம் நான் சேர்த்தது. அடைப்புக்கு வெளியே இருப்பதெல்லாம் தாத்தா எழுதியது. அடைப்பை எடுத்துவிட்டால் இந்த வித்தியாசம் போய்விடும். ஆகவே நகலெடுக்கும்போது தயவுசெய்து அடைப்போடு எடுங்கள்.

அடைப்புக்குள் கேள்விக்குறி இருந்தால், அப்படித்தான் படிக்கிறேன், ஆனால் நிச்சயமில்லை என்று பொருள். நடுவில் சாய்கோடு போட்டு இரண்டு சொற்கள் இருந்தால், இரண்டுக்கும் இடமிருக்கிறது. எதை முன்னால் எழுதினேன் என்பதற்கு அர்த்தம் கிடையாது, அகரவரிசைதான். கேள்விக்குறி இல்லாமல் அடைப்பு மட்டும் இருந்தால், எழுத்து அழிந்திருக்கிறது, ஆனால் வேறு எதுவாகவும் இருக்க முடியாது. தஞ்[சாவூ]ர் என்பதுபோல. ஒரு கூட்டல் குறிக்கு ஓர் எழுத்து போயிருக்கிறது என்று பொருள். ‘கொ’ ஓர் எழுத்து, ‘க்’ ஓர் எழுத்து. எண்ண முடியாத அளவு போயிருந்தால் [2 வரி அழிந்தது] என்று சொல்லாலேயே எழுதியிருக்கிறேன்.

தாத்தா மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை. படியில் இருக்கும் புள்ளிகளெல்லாம் நான் வைத்தவை. ஒவ்வொன்றுக்கும் அடைப்புப் போட்டால் படிக்க முடியாது என்பதால் இங்கே ஒரே தடவையாகச் சொல்லிவிட்டேன். மற்றபடி அவர் எழுத்துப் பிழைகளையும் பழைய எண்களையும் மாற்றவில்லை. ௭ என்றால் 7. ௳ தேதி, ௴ மாதம், ௵ வருஷம், ௹ ரூபாய்.

உங்களுக்கு ஒரு சொல் தெரிந்தால் கார்டு எண்ணையும் வரியையும் குறிப்பிட்டு எழுதுங்கள். படத்தில் அப்படித் தெரிகிறதா, அல்லது அந்த விஷயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.”

கடைசி வாக்கியத்தை எழுதும்போது அது அவ்வளவு முக்கியம் என்று எனக்கே தெரியாது. 61-ஆம் கார்டு அதைக் காட்டிக்கொடுத்தது.

அந்தக் கார்டு தாத்தா தன் தம்பிக்குப் போட்டது. மேலே இடது மூலை தேய்ந்திருக்கிறது. தேதி இருக்கவேண்டிய இடத்தில் ‘ஜய ௵ தை ௴’ என்று தெரிகிறது. தமிழ் வருஷங்களில் விஜய என்று ஒன்றுண்டு, அதற்கு அடுத்த வருஷமே ஜய. தேய்ந்த மூலையில் ஒரு ‘வி’ இருந்திருந்தால் கார்டு 1954 தை மாதத்தது, இல்லையென்றால் 1955 தை மாதத்தது. முன்னே எழுத்து போயிருக்கிறது என்ற எண்ணத்தில் [+]ஜய என்று எழுதி வைத்தேன். தபால் முத்திரையில் ஜனவரி 25 தெரிகிறது, வருஷம் விழவில்லை.

பத்து நாள் கழித்து அதே கார்டின் ஓரத்தில் செங்குத்தாக இருந்த வரியைப் படித்தேன். ‘நாளை புதன் குடியரசு தின லீவு’ என்றிருந்தது. பழைய காலண்டரைப் பார்த்தேன். 1954 ஜனவரி 26 செவ்வாய்க்கிழமை. 1955 ஜனவரி 26 புதன்கிழமை. ஆக, அது ஜய வருஷம்தான். மூலையில் எழுத்து எதுவும் போகவே இல்லை. பிறகு படத்தை மறுபடி பார்த்தால், கீழே உள்ள வரிகளெல்லாம் தொடங்கும் அதே நேர்கோட்டில்தான் ‘ஜ’வும் தொடங்குகிறது. இதை முதல் நாளே பார்த்திருக்கலாம். நான் போட்டது வெறும் கூட்டல் குறிதான் என்றாலும், ‘இங்கே ஓர் எழுத்து இருந்தது’ என்று அதுவும் ஒன்றைச் சாதிக்கிறது. தெரியாது என்று சொல்வதிலும் தப்புச் செய்ய முடியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போதெல்லாம் கூட்டல் குறி போடுமுன் மேல்வரி, கீழ்வரி இரண்டிலும் அதே அகலத்தில் எத்தனை எழுத்து அடங்குகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.

அதே கார்டின் நான்காவது வரி: ‘ஷை [பத்திரம் / பாத்திரம்?] மீட்டாச்சு. அண்ணியிடம் மட்டும் சொல்லவும்.’

விஷயம் முழுக்க ஒரு கோட்டில் இருக்கிறது. ‘ப’வுக்குப் பக்கத்தில் ஒரு செங்குத்துக் கோடு. அது துணைக்காலாக இருந்தால் அடகிலிருந்து மீண்டது வீட்டுப் பாத்திரம். இல்லையென்றால் மீண்டது பத்திரம், அதாவது நிலமோ வீடோ அடமானத்தில் இருந்திருக்கிறது. சட்டைப்பையில் வைக்கக் கார்டை யாரோ மடித்திருக்கிறார்கள், அந்த மடிப்பு சரியாக அந்த இடத்தில்தான் போகிறது. மடிப்பில் அறுபது எழுபது வருஷ அழுக்கு சேர்ந்து மை போலவே கறுத்திருக்கிறது.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கார்டின் பக்கவாட்டில் மேசையோடு மேசையாகப் படுக்கவைத்துப் பார்த்தேன். இப்படிச் சாய்ந்த வெளிச்சத்தில் மடிப்பு நிழல் தரும், வெறும் மை நிழல் தராது. அங்கே நிழல் விழுந்தது. மடிப்பு என்று நிச்சயமாகிவிட்டது. ஆனால் மடிப்பின் மேலேயே கோடும் இருக்கலாம் அல்லவா? தாத்தாவின் துணைக்கால் மேலே லேசாக வலப்பக்கம் வளையும். அந்த வளைவு இருக்க வேண்டிய இடத்தில் காகிதமே உரிந்திருக்கிறது. ஈரத்துணியால் ஒற்றினால் அழுக்கு போய்விடும், மை இருந்தால் தெரியும் என்று ஒருவர் யோசனை சொன்னார். அழுக்கோடு மையும் போய்விடும். எந்தச் சந்தேகத்துக்காகவும் கார்டை நனைக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன்.

கட்டு போய்ச் சேர்ந்த மறுநாளே பெரியப்பா போன் செய்தார்.

“என்னப்பா, பத்திரம்தானே? இதுல என்ன சந்தேகம்? கீழத்தெரு வீட்டை வெச்சு வாங்கியிருந்தார். எனக்கே தெரியுமே.”

“படத்துல அப்படித் தெரியுதா பெரியப்பா, இல்ல உங்களுக்கு ஞாபகமா?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “படத்துல என்ன தெரியுது, ஒரே கோடுதான். எனக்கு ஞாபகம்” என்றார்.

சாயங்காலம் அத்தை பேசினாள். “அது பாத்திரம்டா. பெரிய பித்தளை அண்டாவும் ரெண்டு குத்துவிளக்கும் அடகுக் கடையில இருந்துது. பொங்கலுக்கு அண்டா இல்லாம பக்கத்தாத்துல வாங்கினோம். அப்புறம் தை முடியறதுக்குள்ள வந்துடுத்து. நான் தேச்சு வெச்சிருக்கேன் அதை.”

இருவர் ஞாபகமும் உண்மையாக இருக்கலாம். கஷ்டப்பட்ட வீட்டில் வீடும் அண்டாவும் ஒரே சமயத்தில் அடகில் இருப்பது அதிசயமில்லை. அத்தை சொன்னது மாதத்தோடு பொருந்துகிறது, உள்ளூர நான் அவள் பக்கம்தான் சாய்கிறேன். அதற்காகப் படியில் ஒரு சொல்லை அடித்துவிட எனக்கு உரிமையில்லை. காகிதத்தில் இருப்பது ஒரு கோடு, அந்தக் கோடு தீர்ப்புச் சொல்லவில்லை. அடைப்பை அப்படியே விட்டுவிட்டு, படிக்குக் கீழே தனி வரிகளில், பெரியப்பா இப்படிச் சொல்கிறார், அத்தை இப்படிச் சொல்கிறாள் என்று இருவர் ஞாபகத்தையும் தேதியோடு எழுதி வைத்தேன். பெரியப்பாவுக்கு அதில் திருப்தியில்லை. இன்னும் இல்லை. எட்டு வயதில் அந்த வீட்டில் இருந்தவருக்கு, பிறகு பிறந்த நான் கேள்விக்குறி போடுகிறேனே என்று வருத்தம். அது நியாயமான வருத்தம் என்பதால்தான் அவர் சொன்னதைச் சுருக்காமல் முழுதாகச் சேர்த்திருக்கிறேன்.

குறிப்பில் நான் சொல்ல மறந்த ஒன்று பிறகு வந்தது. ஒரு கார்டில் வரன் பேசி முறிந்துபோன ஒரு கதை இருந்தது. சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருக்கிறார், எல்லோருக்கும் அனுப்பும் படியில் அது வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “ஏதாவது ப்ளஸ் போட்டு விட்டுடேன், யாருக்குத் தெரியப்போறது” என்றார். வரியை நீக்க உடனே ஒப்புக்கொண்டேன், கூட்டல் குறி மட்டும் போடமாட்டேன் என்றேன். அந்தக் குறிக்குப் பொருள் ‘படிக்க முடியவில்லை’ என்பது. படித்துவிட்டு மறைத்ததற்கு அதைப் போட்டால், மற்ற நூறு இடங்களில் இருக்கும் கூட்டல் குறிகளையும் யாரும் நம்ப வேண்டியதில்லை. கடைசியில் [ஒரு வரி வீட்டார் விருப்பப்படி விடப்பட்டது] என்று எழுதினேன், அவரும் சரியென்றார். அந்தப் பக்கத்தின் படத்தையும் கட்டிலிருந்து எடுத்துவிட்டேன். முகப்புக் குறிப்பில் இதற்கும் ஒரு வரி சேர்ந்தது.

போன மாதம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். படியை அச்சடித்துக் கொண்டு போனேன், போனில் படிக்க அவளுக்குக் கண் போதவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாய்விட்டுப் படித்தாள். 18-ஆம் கார்டில் கம்பி ஓட்டை விழுந்த இடம் வந்தது. தம்பி ஊரிலிருந்து கிளம்பும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும் என்ற பட்டியல். ‘வரும்போது நார்த்தங்காய், ஒரு படி உமி[+++] கட்டி எடுத்து வரவும்.’

உமி எதற்குத் திருவல்லிக்கேணி அறைக்கு என்று நான் மாதக்கணக்கில் யோசித்திருந்தேன். அடுப்புக்கா, தலையணைக்கா என்றெல்லாம் பார்த்து, எதுவும் பொருந்தாமல் விட்டிருந்தேன். அத்தை அந்த இடத்தில் விரலை நிறுத்தினாள். மூன்று குறியையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

“க்… க… ரி. உமிக்கரிடா. பல் தேய்க்கறதுக்கு. பட்டணத்துப் பல்பொடி அவருக்கு ஆகவே ஆகாது.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துரு வட்டத்தின் வலது ஓரத்தில், இதுவரை அழுக்கென்று நினைத்திருந்த ஒரு சின்ன வளைவு இருந்தது. ‘ரி’யின் கொக்கி.